கைத்தறிப் புடவையா, விசைத்தறிப் புடவையா: ஓரமும் கட்டமும் விலையும் சொல்வது என்ன?

கேள்வி: செட்டிநாடு கைத்தறிக் காட்டன் புடவை என்று ஒரு கடையில் 650 ரூபாய்க்கும், இன்னொரு கடையில் 1,450 ரூபாய்க்கும் தருகிறார்கள். இரண்டும் கட்டம் போட்டவை, பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. ஓரத்தில் ஊசித் துளை இருந்தால் அசல் கைத்தறி என்கிறார் 650 ரூபாய் கடைக்காரர். அதை நம்பி வாங்கலாமா?

பதில்: அந்த ஒரு அடையாளத்தை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். ஊசித் துளை விசைத்தறித் துணியிலும் விழும். தறியில் நெய்யும்போது துணி அகலவாட்டில் சுருங்கப் பார்க்கும். அதைத் தடுக்க இரண்டு ஓரங்களையும் இழுத்துப் பிடித்தாக வேண்டும். கைத்தறியில் இந்த வேலையைச் செய்வது, இரு முனைகளிலும் ஊசிகள் பொருத்திய ஒரு குச்சி. நெசவாளர் சில அங்குலம் நெய்ததும் அதைக் கழற்றி முன்னால் நகர்த்திக் குத்துவார். விசைத்தறியில் இதே வேலையை ஊசிகள் பதித்த சிறு உருளைகள் செய்கின்றன. துணி நகர நகர அவை உருண்டுகொண்டே இருக்கும்.

ஆகவே துளை இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, அது எப்படி விழுந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் பயன் தரும். ஓரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒரு கஜ நீளத்துக்கு விரலால் நகர்த்திக்கொண்டே பாருங்கள். சில துளைகள் ஒரு கொத்தாகவும், பிறகு இரண்டு மூன்று அங்குலம் வெறுமையாகவும், மறுபடி ஒரு கொத்தாகவும், அந்த இடைவெளி ஒரே அளவாக இல்லாமலும் வந்தால், ஒருவர் கையால் குச்சியை நகர்த்தியிருக்கிறார் என்று பொருள். மெல்லிய புள்ளிகள் தையல் போட்டது போலத் தொடர்ச்சியாக, சீராக ஓடினால் அது உருளையின் தடம். துவைத்த புடவையில் இரண்டுமே மறைந்துவிடும் என்பதால், இந்தச் சோதனை புதுத் துணிக்கு மட்டுமே பொருந்தும்.

ஓரம் என்று நான் சொல்வது கரையை, அதாவது பார்டரை அல்ல. கரையும் முடிகிற கடைசி அரை அங்குலத்தை. அங்கே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். அகலவாட்டில் ஓடும் ஊடை நூல் ஓரத்தைத் தொட்டதும் வளைந்து உள்ளே திரும்புகிறதா, அல்லது வெட்டப்பட்டு மயிரிழை போல நீட்டிக்கொண்டு நிற்கிறதா? வெட்டப்பட்டு நின்றாலோ, வெட்டிய நுனிகள் உள்ளே மடித்துச் செருகப்பட்டிருந்தாலோ, அது, ஊடையைக் குறுக்கே கொண்டு செல்லும் நாடா இல்லாத நவீன இயந்திரத் தறியில் நெய்தது. அதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை. ஆனால் நூல் வளைந்து திரும்புவதால் மட்டும் அது கைத்தறி ஆகிவிடாது. நம் ஊர்களில் ஓடும் பழைய விசைத்தறிகள் பலவும் நாடா போட்டு நெய்பவைதான், அவற்றிலும் ஊடை அப்படியே திரும்பும். ஓரம் ஒரு புடவையைக் கைத்தறி இல்லை என்று உறுதியாகத் தள்ளிவிட உதவும். கைத்தறிதான் என்று முடிவுகட்ட அது மட்டும் போதாது.

உங்களிடம் இருப்பது கட்டம் போட்ட புடவை என்பது நல்லதாயிற்று. கட்டத்தைப் போல உண்மை சொல்லும் சாட்சி வேறு இல்லை. முதலில் துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் கட்டம் வெளிறித் தெரிந்தால் அது அச்சடித்தது. இரு பக்கமும் ஒன்றுபோல இருந்தால் நெய்த கட்டம். அடுத்து ஒரு அளவுகோலை எடுத்து, கட்டங்களை முந்தானையிலிருந்து உள்கட்டு நோக்கி, நீளவாட்டில் ஒரே வரிசையில் அளந்து பாருங்கள். அகலவாட்டில் அளந்து பயனில்லை. ஏனென்றால் அகலவாட்டில் கட்டத்தின் அளவை முடிவு செய்வது, நீளவாட்டில் ஓடும் பாவு நூல். எத்தனை இழை சிவப்பு, எத்தனை இழை மஞ்சள் என்று பாவு ஓட்டும்போதே எண்ணி வைத்துவிடுவதால், எந்தத் தறியானாலும் அது சீராகவே அமையும்.

நீளவாட்டில் கட்டத்தை உண்டாக்குவது ஊடை. இத்தனை முறை இந்த நிற நாடா, அடுத்து இத்தனை முறை அந்த நிற நாடா என்ற கணக்கைக் கைத்தறியில் நெசவாளர் மனத்தில் வைத்துக்கொள்கிறார். ஊடையைப் பலகையால் அடித்து நெருக்குவதும் அவர் கைதான். காலையில் விழும் அடிக்கும், கை சோர்ந்த மாலையில் விழும் அடிக்கும் சிறு வேறுபாடு இருக்கும். அதனால் ஒரு வரிசையில் பத்துக் கட்டங்களை அளந்தால் ஒன்று 40 மில்லிமீட்டர், அடுத்தது 41, இன்னொன்று 39 என்று வரும். விசைத்தறியில் எண்ணிக்கையையும் அடியையும் துணி நகரும் வேகத்தையும் இயந்திரமே பார்த்துக்கொள்வதால், பத்துக் கட்டமும் ஒரே அளவில் நிற்கும். நான் தரம் பார்க்கும் வேலையில் இருந்த நாட்களில், சந்தேகத்துக்கிடமான கட்டப் புடவை வந்தால் முதலில் எடுத்தது அளவுகோலைத்தான்.

கட்டமில்லாத புடவையானால் இதையே வேறு விதமாகச் செய்யலாம். ஒரு அட்டையில் ஒரு அங்குலச் சதுரம் வெட்டி, புடவையின் ஐந்து வெவ்வேறு இடங்களில் வைத்து, கைப்பேசியில் பெரிதாக்கிப் படம் எடுத்து ஊடை இழைகளை எண்ணுங்கள். 57, 60, 58, 62, 59 என்பது போல ஏறி இறங்கினால் அது கையின் கணக்கு. ஐந்து இடத்திலும் 52 அல்லது 53 என்றே வந்தால் அது இயந்திரத்தின் கணக்கு. தேர்ந்த நெசவாளரின் துணியில் வேறுபாடு மிகக் குறைவாக இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். ‘கைத்தறி என்றால் முரடாக, பிசிறாக இருக்கும்’ என்று சிலர் சொல்வது நெசவாளரின் திறமைக்குச் செய்யும் அநியாயம். பிசிறும் முடிச்சும் மட்டமான நூலால் வருபவை. அவை விசைத்தறியிலும் வரும்.

புட்டா போட்ட புடவையானால் பின்பக்கம் பாருங்கள். புட்டாவின் நூல் அந்தப் பூவுக்குள்ளேயே திரும்பித் திரும்பி வந்து முடிந்திருந்தால், தனித்தனியாகக் கையால் கோத்தது என்று பெரும்பாலும் நம்பலாம். நூல் வெட்டிய நுனிகளாக நின்றால் எதையும் முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் கைத்தறியிலும் அப்படி நெய்து வெட்டுவது உண்டு.

இனி விலைக்கு வருகிறேன். துணியைப் பார்த்து ஏமாறலாம், கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஏமாறுவது கடினம். ஐந்தரை மீட்டர் புடவை என்பது 216 அங்குலம். அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்தால் ஏறக்குறைய 13,000 முறை நாடா ஓட வேண்டும். நிமிடத்துக்கு 45 முறை என்று நிற்காமல் நெய்தாலும் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறையும். இடையில் நாடாவுக்குள் இருக்கும் நூல் சுற்றிய தார் தீரும், இழை அறும், நிறம் மாறும்போது நாடா மாற்ற வேண்டும், முந்தானைக்கு நேரம் கூடும். ஆக, நெசவுக்கு முழுதாக ஒரு நாள். தார் சுற்றுவது, பாவு ஓட்டுவது, கஞ்சி போடுவது, பிணைப்பது எனக் குடும்பத்தில் மற்றவர் செய்யும் வேலையில் ஒரு புடவையின் பங்கு இன்னும் அரை நாள். விசைத்தறியில் நிமிடத்துக்கு 130 முறை என்று கொண்டால் அதே புடவை 100 நிமிடத்தில் முடியும். ஒருவர் நான்கு தறிகளைப் பார்த்துக்கொண்டால், ஒரு புடவைக்கு விழும் மனித உழைப்பு 25 நிமிடம்தான்.

இப்போது உங்கள் 650 ரூபாயைப் பின்னோக்கிப் பிரிப்போம். 5 சதவீத வரியை நீக்கினால் ஏறக்குறைய 619 ரூபாய். கடைக்கும் இடையில் இருப்பவர்களுக்கும் அடக்க விலையின் மேல் 30 சதவீதம் என்று மிகக் குறைவாகவே வைத்தாலும் மிஞ்சுவது 476. அறுபதாம் நம்பர் நூலில் இப்படிப்பட்ட புடவைக்கு 350 முதல் 400 கிராம் வரை நூல் பிடிக்கும். நூலுக்கும் சாயத்துக்கும் சேர்த்து 280 ரூபாய் என்று கொள்வோம். ஒன்றரை நாள் உழைப்புக்கு மிஞ்சுவது 196 ரூபாய். அந்தக் கூலிக்கு யாரும் தறிக்குழியில் இறங்கி உட்கார மாட்டார்கள். நாளொன்றுக்கு 400 ரூபாய் என்று எளிய கூலி வைத்து அதே கணக்கை முன்னோக்கிப் போட்டால், அடக்கம் 880, கடை விலை வரியோடு சுமார் 1,200 ரூபாய் வரும். நூலும் கூலியும் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் பகுதி எண்களை வைத்துக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்குக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கோ-ஆப்டெக்ஸ் தீபாவளிக் காலத்தில் 30 சதவீதத் தள்ளுபடி தருவதுபோல, உண்மையான தள்ளுபடியில் இந்தப் புடவை 850 ரூபாயை ஒட்டி இறங்கலாம். ஆனால் ஆண்டு முழுவதும் 650 என்றால் அது கைத்தறியாக இருக்க வாய்ப்பில்லை. மறுபக்கம், 1,450 ரூபாய் என்பதாலேயே அது கைத்தறி என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். விசைத்தறிப் புடவைக்குக் கைத்தறி விலை சொல்வது இந்த வியாபாரத்தில் நடப்பதுதான். ஆகவே அளவுகோல் சோதனையை 1,450 ரூபாய்ப் புடவையிலும் கட்டாயம் செய்யுங்கள்.

அதில் கைத்தறி முத்திரை வில்லை தைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். 2006 முதல் மத்திய அரசு தரும் இந்த வில்லையில் வரிசை எண் இருக்கும். ‘ஹேண்ட்லூம்’ என்று கடையே அச்சடித்த அட்டைக்கு அந்த மதிப்பு இல்லை. செட்டிநாட்டின் கைத்தறிப் புடவையான காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ‘செட்டிநாடு காட்டன்’ என்று மட்டும் சொல்லி விற்பவரிடம், இது காரைக்குடிப் பக்கம் கைத்தறியில் நெய்த கண்டாங்கிதானா, எந்தச் சங்கத்திலிருந்து வருகிறது என்று நேராகக் கேளுங்கள்.

கடைசியாக, எந்தக் கடையில் வாங்கினாலும் ரசீதில் ‘காட்டன் புடவை’ என்று விடாமல் ‘கைத்தறி காட்டன் புடவை’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்மொழியாகக் கைத்தறி என்று சொன்னவர் அதை எழுதத் தயங்கினால், புடவையை மடித்துக் கொடுத்துவிட்டு வரலாம். எழுதித் தந்த பிறகு விசைத்தறி என்று தெரிந்தால், அந்த ரசீதோடும் புடவையோடும் உங்கள் பகுதிக் கைத்தறி உதவி இயக்குநர் அலுவலகத்தை அணுகுங்கள். குறிப்பிட்ட புடவை வகைகள் உட்பட 11 ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கும் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருக்கிறது, வாங்கிய புடவை அந்த ரகங்களில் அடங்குமா என்பதை அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். அதுவரை புடவையைத் துவைக்காமல் வைத்திருங்கள். துவைத்துவிட்டால் ஓரத்துத் துளைகள் போய்விடும்.