முதல் நோட்டீஸில் நாலு பெருமை எதற்கு?

கேள்வி: வீட்டில் கம்பு தோசை மிக்ஸ் தயாரித்து விற்கத் தொடங்கியிருக்கிறேன். பிட் நோட்டீஸ் அடிக்க, 'பாரம்பரியம், ஆரோக்கியம், சுவை, சர்க்கரை நோய்க்கு அருமருந்து' என்று தலைப்பு எழுதிக் கொடுத்தேன். அச்சகத்தில் இது வேண்டாம் என்கிறார்கள். ஏன்? – வாசகி, பொள்ளாச்சி

பதில்: நோயைப் பற்றிய வார்த்தையை முதலில் எடுத்துவிடுங்கள். உணவுப்பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்ய அனுமதி இல்லை. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு, 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அதைவிட, உங்கள் நோட்டீஸை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்?

மீதி மூன்றும் பொய்யில்லை. ஆனால் பக்கத்துத் தெரு செக்கு எண்ணெய்க் கடையும் அதே மூன்றைத்தான் போடுகிறது. உங்கள் பொருளை எடுத்துவிட்டு ஊறுகாயை வைத்தாலும் பொருந்துகிற தலைப்பு, உங்களுக்காக எதையும் விற்காது.

உங்கள் மிக்ஸில் உள்ளதை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே "அதனால் வாங்குகிறவருக்கு என்ன?" என்று கேளுங்கள். 'வறுத்து அரைத்த கம்பு' என்பது நீங்கள் செய்த வேலை. அதனால் என்ன? ஊறவைக்க வேண்டாம், ஆட்ட வேண்டாம். அதனால் என்ன? வேலை முடிந்து ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவரும் அன்று இரவே கம்பு தோசை சுடலாம். இதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை என்றால், அதுதான் உங்கள் தலைப்பு:

'ஊறவைக்காமல், அரைக்காமல் 20 நிமிடத்தில் கம்பு தோசை'

அந்த 20 என்ற எண்ணை நீங்கள் சுட்டுப் பார்த்துப் போடக் கூடாது. உங்கள் கை பழகிய கை. இதுவரை அந்த மாவைத் தொடாத ஒருவரிடம் பாக்கெட்டைக் கொடுத்து, மோரில் கரைப்பதிலிருந்து முதல் தோசை தட்டில் விழும்வரை கடிகாரம் பாருங்கள். 25 ஆனால் 25 என்றே போடுங்கள். சொன்ன நேரத்தில் தோசை வராத வீட்டில் இரண்டாவது பாக்கெட் வாங்க மாட்டார்கள்.

சத்தும் சுவையும் வீணாகவில்லை. தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் வரட்டும். கடைப் பெயரை மேலே பெரிதாகப் போடும் ஆசையையும் விடுங்கள். இன்னும் யாருக்கும் தெரியாத பெயர் அது. விலைக்கும் வாட்ஸ்அப் எண்ணுக்கும் பக்கத்தில் இருந்தால் போதும்.

இது வேலைக்குப் போகிறவர்களுக்கான தலைப்பு. நோட்டீஸைக் கோயில் வாசலில் கொடுப்பதைவிட, மாலையில் பேருந்து நிறுத்தத்தில் கொடுங்கள். வீட்டில் மாவாட்டும் பழக்கமுள்ள பெரியவர்களுக்கு நேரம் மிச்சமாவது பெரிய விஷயமாகத் தோன்றாது. அவர்களுக்கு வேறு நோட்டீஸ், வேறு தலைப்பு. இரண்டையும் ஒரே தாளில் திணிக்காதீர்கள்.

அச்சடிக்கும் முன் ஒரு பிரதி எடுத்து, தெரியாத ஒருவரிடம் மூன்று விநாடி காட்டித் திருப்பிவிடுங்கள். என்ன விற்கிறோம் என்று கேளுங்கள். "ஏதோ மாவு" என்றால் திரும்ப எழுதுங்கள். "அரைக்காமலே கம்பு தோசையாமே!" என்றால் அச்சுக்குக் கொடுங்கள்.