எந்தச் 'சரி'க்கு ஓகே, எந்தச் 'சரி'க்கு றைற்?

கேள்வி: எதற்கெடுத்தாலும் 'சரி' என்கிறோம், சிலர் 'செரி' என்கிறார்கள். ஆங்கிலத்தில் பேசும்போது எல்லாவற்றுக்கும் ஓகே போட்டால் போதுமா? றைற், ஃபைன், லெற்ஸ் கோ எல்லாம் எந்த இடத்தில் வரும்?

போதாது. எல்லாச் 'சரி'க்கும் ஓகே போட்டதால் ஒரு கிராமத்துக் கிணற்றை வெட்டக்கூடாத இடத்தில் வெட்ட வைக்கப் பார்த்தவள் நான்.

2011 இல் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு கிராமம். சனம் மீளக் குடியேறி ஒரு வருசம்கூட ஆகவில்லை. உதவி நிறுவனம் ஒன்றுக்கு நான் மொழிபெயர்ப்பாளராகப் போய்வந்துகொண்டிருந்தேன். பொதுக்கிணறு எங்கே வருவது என்று பேச, பாலை மரத்துக்குக் கீழே கூட்டம். வெளிநாட்டுப் பொறியியலாளர் ஆங்கிலத்தில் விளக்குகிறார், நான் தமிழில் சொல்கிறேன், கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் ஐயா ஒவ்வொரு வசனத்துக்கும் தலையை ஆட்டிக்கொண்டு "சரி" என்கிறார். றோட்டோரக் காணி என்றால் லொறி வந்துபோகலாம் — "சரி…". அந்த இடத்தில் ஆழமாக வெட்டத் தேவையில்லை — "சரி…". செலவும் குறையும் — "சரி, சரி…". நான் ஒவ்வொன்றையும் கடமை தவறாமல் "ஓகே" என்று திருப்பிச் சொன்னேன். கடைசியில் ஐயா, "சரி பிள்ளை, அவர் சொல்லுறது விளங்குது. நாங்கள் கதைச்சுப் பாத்துச் சொல்லுறம்" என்றார். அதற்கு முன்னால் அத்தனை ஓகே கேட்டுவிட்ட மனிதருக்கு இந்தக் கடைசி வசனம் வெறும் மரியாதைப் பேச்சாகத்தான் பட்டிருக்கும். புத்தகத்தில் எதையோ எழுதிக் கோடு போட்டார்.

அடுத்த கிழமை பெக்கோ வந்து நின்றது. பெண்கள் போய் மறித்துக்கொண்டு நின்றார்கள். மாரியில் குளம் வான் பாய்ந்தால் அந்தக் காணிக்குள்ளால்தான் தண்ணீர் ஓடும். மாடு கட்டுகிற பட்டிப் பக்கத்து ஊத்தை முழுவதும் கிணற்றுக்குள் இறங்கும். பொறியியலாளர் என்னைப் பார்த்து, "அவர் ஓகே என்றாரே!" என்கிறார். நான் ஐயாவைப் பார்த்தேன். "நான் எங்க ஓமெண்டனான்? கேட்டுக்கொண்டெல்லோ இருந்தனான், பிள்ளை" என்றார்.

அவர் சொன்னதிலேயே உங்கள் கேள்விக்கான சாவி இருக்கிறது. கேட்கிற 'சரி' வேறு, ஓமென்கிற 'சரி' வேறு. முன்னதன் இடத்தில் 'ம்' போட்டுப் பாருங்கள், பேச்சு அப்படியே ஓடும். பின்னதன் இடத்தில் 'ஓம்' போட்டால்தான் சரிவரும். ஐயாவின் 'சரி' எல்லாம் 'ம்'. கதை நடுவில் வந்தது, கடைசி எழுத்துக் கொஞ்சம் இழுபட்டது, பின்னால் வினைச்சொல் எதுவும் வரவில்லை. உடன்பட்டிருந்தால், "சரி, வெட்டுங்கோ" என்றோ "சரி, செய்வம்" என்றோ ஒரு வினையைக் கையோடு தந்திருப்பார். நம் ஆட்கள் உண்மையாகச் சம்மதிக்கும்போது அநேகமாக அந்த வினை வந்தே தீரும். அது வராமல் "சரி, பாப்பம்" என்று முடிந்தால், கிணறு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலத்தில் 'ம்' வகைச் சரிக்கு "ஐ ஸீ" பாதுகாப்பானது. "றைற்… றைற்…" என்று தாழ்ந்த குரலிலும் சொல்வார்கள். அதுவும் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லு' என்பதுதான். ஆனால் அதை அழுத்திச் சொன்னால் 'நீ சொல்வது உண்மை' என்று ஆகிவிடும். ஓகேயையும் ஆங்கிலேயர் கேட்கிறதற்குப் பாவிக்கிறவர்கள்தான்; ஆனால் முடிவெடுக்கிற கூட்டத்தில், அதுவும் மொழிபெயர்ப்பாளர் வாயிலிருந்து வரும்போது, அது சம்மதமாகத்தான் கணக்கில் ஏறும். அதற்குப் பிறகு சந்தேகமாக இருந்தால் நான் திருப்பிக் கேட்டுவிடுவேன்: "ஐயா, சரியெண்டது விளங்கிச்சுது எண்டோ, செய்யலாம் எண்டோ?" சிலருக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும்.

கிணறு பிறகு பள்ளிக்கூட வளவுக்குப் பின்னால் வந்தது.

ஒரு வேடிக்கை. ஓகே என்ற சொல்லே 'எல்லாம் சரி' என்பதிலிருந்து வந்ததுதான். 1839 இல் பொஸ்ரன் பத்திரிகை ஒன்று, ஓல் கறெக்ற் என்பதை வேண்டுமென்றே பிழையான எழுத்துக்கூட்டலில் நினைத்து, அதன் முதல் எழுத்துகளாக ஓ, கே என்று பகிடிக்குப் போட்டது. பகிடி போய்விட்டது, எழுத்து மிஞ்சிவிட்டது.

இனி லெற்ஸ் கோ. யாழ்ப்பாணம் போகிற பஸ் முறிகண்டியில் நிற்கும். பிள்ளையாரைக் கும்பிட்டு, தேங்காய் அடித்து, கச்சான் வாங்கி முடிய, கொண்டக்டர் "சரி சரி, ஏறுங்கோ" என்பார். எல்லாரும் ஏறினதும் "சரி, போவம்" என்று பஸ் தகட்டில் தட்டுவார், அல்லது "றைற்!" என்பார். இந்தச் 'சரி'க்கு உடன்பாட்டோடு ஒரு சம்பந்தமும் இல்லை. ஒன்று முடிந்தது, அடுத்தது தொடங்குகிறது என்று கோடு போடுகிற சொல் அது. பிரித்தானிய ஆங்கிலத்தில் இந்த வேலையைச் செய்வது வசனத்தின் தலையில் வருகிற றைற்: "றைற், லெற்ஸ் கோ." அமெரிக்கர் ஓகே என்றோ ஓல்றைற் என்றோ தொடங்குவார்கள். ஆனால் நம் கொண்டக்டரைப் போலத் தனி றைற்றைச் சொல்லி லண்டனில் ஆட்களைக் கிளப்ப முடியாது. "றைற்" என்றால் 'சரி, என்ன?' என்று காத்துக்கொண்டு நிற்பார்கள். பின்னால் லெற்ஸ் கோ வரவேண்டும். "சரி, வெளிக்கிடுவமோ?" என்று கேள்வியாகக் கேட்டால் "றைற், ஷல் வீ?"

இதே இனத்தில் "சரி, வாறன்" ஒரு பொறி. 'போறன்' என்பது நல்ல சொல்லில்லை என்று வாறன் என்கிறோம். என்னிடம் ஆங்கிலம் படிக்க வந்த பொடியன் ஒருவன், தொலைபேசி நேர்முகத்தின் முடிவில் பணிவாக "ஓகே சேர், ஐ ஆம் கமிங்" என்றிருக்கிறான். அந்தப் பக்கம் நெடுநேரம் சத்தமில்லையாம். 'எங்கே வருகிறாய்' என்று யோசித்திருப்பார்கள். அங்கே "ஓகே, தாங்க் யூ, பாய்" போதும்.

ஃபைன் தான் எனக்கு மிகவும் பயமான சொல். மாமா மகன் கனடா போன புதிதில் ஒரு வீட்டில் "இன்னும் கொஞ்சம் சோறு போடவோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்கள். இவன் 'சரி, போடுங்கோ' என்று நினைத்து "ஐ ஆம் ஃபைன்" என்றான். சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எதையாவது தரட்டுமா என்று கேட்கும்போது ஐ ஆம் ஃபைன் என்றால் 'போதும், வேண்டாம்' என்று பொருள். வேண்டுமென்றால் "யெஸ், பிளீஸ்". கேட்ட வேலையைச் செய்கிறேன் என்பதற்கு "ஷுவர்" அல்லது "ஓகே, வில் டூ".

தனியாக, ஒற்றைச் சொல்லாக எழுதிய "ஃபைன்" இன்னும் மோசம். அம்மா நாலு தரம் சொல்லி நாங்கள் கேட்காதபோது, "சரி, உங்கட விருப்பம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாவே, அந்தச் 'சரி' அது. 'சரி' இருந்த இடத்தில் 'விடு' போட்டால் பொருந்துகிற இடங்கள்தான் ஃபைனுக்கு உரியவை. அன்பாக விட்டால் "இற்ஸ் ஃபைன்", அதாவது 'சரி விடு, பரவாயில்லை'. கோபமாக விட்டால் வெறும் "ஃபைன்."

தமிழில் வெறும் 'சரி'யும் குறுஞ்செய்தியில் காய்ந்துதான் கிடக்கும். ஆனால் நாங்கள் "சரி அக்கா", "சரி சேர்" என்று ஒரு முறைச்சொல்லைச் சேர்த்துக் குளிர்த்திவிடுகிறோம். ஆங்கிலத்தில் அக்கா இல்லை. அந்த இடத்தை ஒரு தாங்க்ஸாலோ வில் டூவாலோதான் நிரப்ப வேண்டும். வெளிநாட்டு மேலதிகாரிக்கு "ஓகே" என்று மட்டும் எழுதுகிற நம் பிள்ளைகள் மரியாதை இல்லாதவர்களாகத் தெரிவது இதனால்தான்.

ஓகேயும் றைற்றும் கிட்டவும் வரக்கூடாத சில 'சரி'கள் எங்கள் பேச்சில் உண்டு. "சரியான வெயில்" என்றால் கறெக்ற்றான வெயில் இல்லை, "றியலி ஹொற்". "சோறு சரியோ?" என்றால் "இஸ் இற் றெடி?" "ஒருக்காச் சரி வந்து பார்" என்றால் ஒரு தடவையாவது, அதாவது "அற் லீஸ்ற் வன்ஸ்". தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இந்தக் கடைசி வகை விசித்திரமாகப் படும். வவுனியாச் சந்தையில் சிங்களம் கேட்டுப் பழகியவர்களுக்குப் படாது: அவர்களின் 'ஹரி' ஓகேயும் ஆகும், 'ஹரி லஸ்ஸனய்' என்று சரியான வடிவும் ஆகும், 'கவுரு ஹரி' என்று ஆரோ ஒருவரும் ஆகும்.

செரி பற்றி அதிகம் சொல்ல இல்லை. அது வேறு சொல்லல்ல. சகரத்துக்குப் பின்னால் வருகிற அகரம் பேச்சில் எகரமாகச் சாய்வது, சனம் செனமாவது போல. தமிழ்நாட்டில் பரவலாகக் கேட்கலாம். இங்கே, மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களிலும் கேட்டிருக்கிறேன். எழுதும்போது சரி என்றே எழுதுவது நல்லது, ஏனென்றால் எழுத்தில் செரி என்றால் சாப்பாடு செரிப்பது. நாங்கள் அதற்குச் சமிபாடு என்று படித்ததால் எங்களுக்குக் குழப்பம் குறைவு.

கடைசியாக, தொலைபேசியை வைக்கிற 'சரி'. அம்மாவோடு கதைத்து முடிக்க எனக்குக் குறைந்தது மூன்று வேண்டும்: "சரி… சரி அப்ப… சரி, வைக்கிறன்." முதலாவதில் கதை முடியும், இரண்டாவதில் அவ புதுக்கதை ஒன்று தொடங்குவா. ஆங்கிலத்தில் "றைற் தென்… ஓகே… பாய்" என்று இதே வரிசை இருக்கிறது, ஆனால் அவர்கள் பாய் சொன்னால் உண்மையாகவே வைத்துவிடுவார்கள்.