ரசீதில் காணாமல் போன புள்ளி

கேள்வி: நான்கு வருடமாக மென்பொருள் எழுதுகிறேன். எழுதியதெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம், வெளியில் காட்ட என் பெயரில் ஒன்றுமில்லை. கிட்ஹப்பில் ஒரு டூ-டூ ஆப் போட்டேன், ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. கற்றதை எழுதலாமென்றால், எனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதானே? போன மாதம்கூட ரசீதில் தமிழ்ப் பெயர்கள் வெட்டுப்பட்டு வந்ததைச் சரிசெய்தேன். இதையெல்லாம் போய் எழுதுவதா?
*— வாசகி, கோவை*

பதில்: கடைசியில் போகிற போக்கில் சொன்னீர்களே, அதைத்தான் எழுத வேண்டும். டூ-டூ ஆப்பை யாரும் தேடி வரமாட்டார்கள். ரசீதில் புள்ளி காணாமல் போய், இரவு பதினொரு மணிக்கு முழித்துக்கொண்டிருப்பவர் தேடுவார். அவர் தேடும் சொற்களையே குறிப்புக்குத் தலைப்பாக வையுங்கள்: ‘பைத்தானில் தமிழ்ப் பெயரை வெட்டினால் புள்ளி போய்விடுகிறது’. ‘யூனிகோட் ஓர் அறிமுகம்’ என்று வைத்தால் ஆயிரத்தோடு ஆயிரத்து ஒன்று.

முதலில் கோளாறைக் காட்டுங்கள், விளக்கம் பிறகு வரட்டும். ‘கார்த்திக்’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. பைத்தானுக்குப் பத்து, ஏனென்றால் துணைக்கால், மேல்விலங்கு, புள்ளி ஒவ்வொன்றையும் அது தனியாக எண்ணுகிறது. ஒன்பதில் வெட்டினால் ‘கார்த்திக’ என்று நிற்கும். எட்டில் வெட்டினால் ‘கார்த்தி’. வேறொரு ஆளே வந்துவிடுவார், பிழையென்று யாருக்கும் தோன்றக்கூடத் தோன்றாது. சரியாக எண்ண நான்கு வரி போதும்:

```python
import regex
s = "கார்த்திக்"
print(len(s))                        # 10
print(len(regex.findall(r"\X", s)))  # 5
```

கண்ணுக்குத் தெரியும் ஓரெழுத்தை முழுதாகப் பிடிப்பது `\X`. பைத்தானோடு வரும் `re`-க்கு அது தெரியாது, `regex` என்பதைத் தனியாக நிறுவ வேண்டும். நீங்கள் இதில் தடுக்கி விழுந்திருந்தால் அதையும் எழுதுங்கள். படிப்பவருக்கு அரை மணி நேரம் மிச்சம்.

பலர் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எழுதியவர் விஷயம் தெரிந்தவரா என்று நான் பார்ப்பது இதற்கு அடுத்த பத்தியில்தான்: இந்த முறை எங்கே தோற்கும்? ‘க்ஷ’ நமக்கு ஓரெழுத்து, `\X` அதை இரண்டாக எண்ணும். ‘கொ’வின் உயிர்க்குறி ஒரே குறியாகவும் வரலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வரலாம், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஒப்பிட்டால் ‘வேறு வேறு’ என்று கணினி சொல்லும். இரண்டையும் முதலில் யூனிகோடின் NFC வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் அந்தத் தகராறு தீரும். எழுத்தை எண்ணியாயிற்று என்றாலும் தாளில் அகலம் எண்ணப்படவில்லை. ‘ண’ பிடிக்கும் இடம் ‘ர’வுக்கு வேண்டாம். இந்த மூன்றையும் நீங்களாக ஒப்புக்கொண்டு எழுதியிருந்தால், நேர்காணலில் உங்களைக் கேட்க எனக்கு நிஜமான கேள்விகள் கிடைக்கும்.

குறிப்போடு சின்ன ரெப்போ ஒன்றும் வையுங்கள்: வெட்டும் ஃபங்ஷன் ஒன்று, சோதனைக்குப் பத்துப் பெயர்கள், README. அந்த README-யின் முதல் திரையிலேயே வெட்டுவதற்கு முன், பின் இரண்டும் தெரிய வேண்டும். உரிமக் கோப்பு ஒன்றும் சேருங்கள். அது இல்லாவிட்டால் கோட் எல்லாருக்கும் தெரியும்படி இருந்தாலும் எடுத்துப் பயன்படுத்தும் உரிமை பிறருக்கு இல்லை. கிட்ஹப் முகப்பில் ஆறு ரெப்போக்களைத் தூக்கி வைக்கலாம். ஆறையும் நிரப்ப வேண்டுமென்று யாரும் அழவில்லை. டூ-டூ ஆப்பை இறக்கிவிட்டு இதை மட்டும் வையுங்கள்.

இனி கம்பெனி விவகாரம். கற்றுக்கொண்டது உங்களுடையது, அங்கே எழுதிய வரிகள் அவர்களுடையவை. அதனால் வீட்டில், சொந்த லேப்டாப்பில், முதல் வரியிலிருந்து புதிதாக எழுதுங்கள். வாடிக்கையாளர் பெயர், டேபிள் பெயர், ஸ்கிரீன்ஷாட் எதுவும் உள்ளே வரக்கூடாது. வேலை ஒப்பந்தத்தில் ‘பணிநேரத்துக்கு வெளியே செய்வதும் எங்களுடையது’ என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் மேலாளரிடம் மின்னஞ்சலில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

ஒருமுறை நானே டேட்டாபேஸ் பாஸ்வேர்டோடு ஒரு கோப்பை ஏற்றிவிட்டு, பதறி அடுத்த கமிட்டில் அழித்தேன். அழித்ததாக நினைத்தேன் என்பதுதான் சரி. `git log -p` போட்டால் பழைய வரி அப்படியே வந்து நின்றது. அப்படி நேர்ந்தால் முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், வரலாற்றைச் சுத்தம் செய்வது பிறகு.

யாராவது பார்க்கிறார்களா என்று அறிய ரெப்போவின் Insights பகுதியில் Traffic இருக்கிறது. அது கடைசி 14 நாள் கணக்கை மட்டுமே காட்டும். அதில் வருகை எண்ணிக்கையை விட, எங்கிருந்து வந்தார்கள் என்ற பட்டியலைப் பாருங்கள். தேடுபொறியின் பெயர் அதில் தென்பட்டால் தலைப்பு வேலை செய்கிறது. தேடுபொறி எதுவுமே அதில் இல்லையென்றால், குறிப்பைத் தொடாமல் தலைப்பை மாற்றிப் பாருங்கள்.