ஹாஃப் போர்டில் தண்ணீர் சேருமா?

கோடை முன்பதிவு தொடங்கிவிட்டது என்று கடிதங்களே சொல்கின்றன. இந்த முறை பெரும்பாலும் ஹோட்டல் சாப்பாட்டுப் பிளான் பற்றிய சந்தேகங்கள்தான். ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று வேளையும் உண்டு என்று ஏஜென்ட் போனில் சொன்னார். வவுச்சரில் சி.பி. என்று இருக்கிறது. எதை நம்புவது? – ஈரோடு வாசகர்

வவுச்சரை. சி.பி. என்றால் அறையும் காலைச் சிற்றுண்டியும், அவ்வளவுதான். இ.பி. என்றால் அதுவும் கிடையாது, அறை மட்டும். எம்.ஏ.பி. என்றால் காலைச் சிற்றுண்டியோடு இன்னொரு வேளை, பெரும்பாலும் இரவுச் சாப்பாடு. ஏ.பி. என்றால் மூன்று வேளை. இதே எம்.ஏ.பி.யைத்தான் வெளிநாட்டு ஹோட்டல்கள் ஹாஃப் போர்டு என்கின்றன, ஏ.பி.யை ஃபுல் போர்டு என்கின்றன. போனில் சொன்னது கணக்கில் வராது. கிளம்புவதற்கு முன் எழுத்தில் திருத்தி வாங்குங்கள்.

மூணாறில் எம்.ஏ.பி. எடுத்திருந்தோம். முதல் நாள் போய்ச் சேர இரவு பத்தரை ஆகிவிட்டது. சமையலறையை மூடிவிட்டோம் என்றார்கள். அந்த வேளைக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா? – மதுரை வாசகர்

கிடைக்காது. சாப்பிடாத வேளைக்குப் பணம் தருவது இந்தத் தொழிலில் அநேகமாக வழக்கமே இல்லை. மலை ஊர்களில் இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கெல்லாம் முடிந்துவிடும். வழியில் தேயிலைத் தோட்டத்தைக் கண்ட இடமெல்லாம் காரை நிறுத்திப் படம் எடுத்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்போதே ஹோட்டலுக்கு ஒரு போன் போட்டிருந்தால் சப்பாத்தியும் குருமாவுமாவது அறையில் மூடி வைத்திருப்பார்கள். இப்போது கேட்டு என்ன பயன்?

பஃபே என்று போட்டுவிட்டு, சாம்பார், ஒரு பொரியல், ரசம் என்று தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். இது ஏமாற்று இல்லையா? – கோவை வாசகி

எத்தனை அறைகளில் ஆள் இருந்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பத்துப் பன்னிரண்டு அறைகள்கூட நிரம்பாத நாளில் பஃபே போட்டால் பாதி குப்பைக்குப் போகும் என்பதால், அன்றைக்குக் குறித்த மெனுவாக மாற்றிவிடுவார்கள். இதற்கு இடம் வைத்து வவுச்சரின் அடியில் ஒரு வரியும் போட்டிருப்பார்கள். பிளான் சொல்வது வேளையின் எண்ணிக்கையை. எத்தனை வகை என்பதை அது சொல்வதில்லை. வார நாளில் போகிறவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

ஹாஃப் போர்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பதில் மதியம் சாப்பிட்டுக்கொள்ளலாமா? – திருச்சி வாசகர்

ஹோட்டல் ஒப்புக்கொண்டால் மாற்றிக்கொள்ளலாம். முதல் நாளே வரவேற்பில் கேளுங்கள். பசி எடுத்தபோது கேட்டால் நடக்காது.

மாலத்தீவில் மூன்று இரவு, கணவன் மனைவி இருவர். ஹாஃப் போர்டு, ஃபுல் போர்டு, ஆல் இன்க்ளூசிவ் மூன்றுக்கும் விலை அனுப்பியிருக்கிறார்கள். இருவரும் குடிப்பதில்லை. ஹாஃப் போர்டில் தண்ணீர் சேருமா? எது லாபம்? – சென்னை வாசகி

தண்ணீர் என்று கேட்டீர்களே, அதற்கே உங்களுக்கு இரண்டு மடங்கு இடம் தருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு குழுவை ஃபுல் போர்டில் ஒரு தீவுக்கு அனுப்பினேன். மூன்று வேளை என்றால் தண்ணீர் இல்லாமலா இருக்கும் என்று கேட்காமல் விட்டுவிட்டேன். கிளம்பும் நாளில் அவர்கள் கையில் வந்த பில்லில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் மட்டுமே ஒரு பக்கம் இருந்தது. பாதியை என் கையிலிருந்து கொடுத்தேன். சாப்பாட்டோடு குடிக்கும் தண்ணீருக்குத் தனிக் காசு என்பதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஆனால் நிலைமை அதுதான். ஹாஃப் போர்டும் ஃபுல் போர்டும் உணவை மட்டுமே குறிக்கும். பானம் பொதுவாக அதில் சேராது, தண்ணீரும் பானம்தான். சில ரிசார்ட்டுகள் கடல்நீரைச் சுத்திகரித்துக் கண்ணாடிப் பாட்டிலில் அறைக்கு நாளுக்கு இரண்டு இலவசமாக வைக்கின்றன. சாப்பாட்டு மேசைக்கும் அது உண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும். ஃபுல் போர்டு பிளஸ் என்று ஒன்று இருந்தால் அந்தப் ‘பிளஸ்’ அநேகமாகத் தண்ணீரும் ஒன்றிரண்டு குளிர்பானமும்தான்.

மாலத்தீவில் இது ஏன் கடிக்கிறது என்றால், அங்கே ஒரு தீவு முழுக்க ஒரே ரிசார்ட். வெளியே வந்து பெட்டிக்கடையில் பாட்டில் வாங்க வழியில்லை.

இனி நீங்கள் அனுப்பிய விலைத்தாள். மதிய பஃபே 40 டாலர், தண்ணீர் 6 டாலர், டீ 8 டாலர். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ++ என்று இரண்டு கூட்டல் குறி. அதை அலங்காரம் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. முதல் கூட்டல் 10 சதவீதச் சேவைக் கட்டணம். இரண்டாவது 17 சதவீத வரி. சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கு மேல்தான் வரி விழும். அதனால் 100 டாலர் பில்லில் ஏறக்குறைய 129 ஆகிவிடும். உங்கள் மதியச் சாப்பாடு 51, தண்ணீர் 8, டீ 10 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வேளையை எண்ணுங்கள். எந்தப் பிளானிலும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்று எழுதி எழுதி எனக்குக் கை வலிக்கிறது. பிளான் விலை இரவுக் கணக்கில் வரும். மூன்று இரவு ஃபுல் போர்டு என்றால் மூன்று காலை, மூன்று மதியம், மூன்று இரவு. ஆனால் நீங்கள் தீவில் இறங்குவது முதல் நாள் மாலை நான்கு மணிக்கு. அன்று மதியம் போயிற்று. கிளம்புவது நான்காம் நாள் காலை பத்து மணிக்கு. அந்த மதியமும் இல்லை. நடுவில் இருக்கும் இரண்டு மதியம்தான் உங்கள் கைக்கு வரும். காசோ மூன்றுக்கு.

ஃபுல் போர்டுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு வரியோடு 35 டாலர் அதிகம் கேட்கிறார்கள். இருவருக்கு மூன்று இரவுக்கு 210 ஆகிறது. ஹாஃப் போர்டிலேயே இருந்துகொண்டு அந்த இரண்டு மதியத்தையும் பில்லில் சாப்பிட்டால் நான்கு சாப்பாடு, சுமார் 205. ஆக ஃபுல் போர்டில் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. காலைச் சிற்றுண்டி பத்து மணிவரை ஓடும். ஒன்பதரைக்குப் போய் நிதானமாக உட்கார்ந்தால் ஒரு மதியத்தைத் தாண்டியே விடலாம், அப்போது ஹாஃப் போர்டு இன்னும் இறங்கும். இதே நீங்கள் காலையில் தீவில் இறங்கி, கிளம்பும் நாளில் மாலைதான் புறப்படுவதாக இருந்தால் கணக்கு தலைகீழாகும்.

மூன்று வேளையோடு பானமும் சேர்ந்த ஆல் இன்க்ளூசிவுக்கு ஹாஃப் போர்டைவிட ஆளுக்கு நாளுக்கு 100 டாலர் அதிகம் என்கிறார்கள், மொத்தம் 600. ஹாஃப் போர்டில் மதியம் 205, நாளுக்கு நான்கு பாட்டில் தண்ணீர் என்று மூன்று நாளைக்குச் சுமார் 95, மாலை டீ 60, கூட்டினால் 360. மீதி 240 டாலரை நீங்கள் எதில் கழிப்பீர்கள்? பீர் குடிக்கிறவர் என்றால் வரியோடு ஒரு பாட்டில் 12 டாலர் என்று இருபது பாட்டில் குடித்தால் சரியாகிவிடும். குடிக்காதவர்கள் ஆரஞ்சு ஜூஸ் குடித்தா ஈடுகட்ட முடியும்? பவளப்பாறை பார்க்கப் போகும் படகுச் சவாரி ஏதாவது அந்தப் பிளானில் சேர்த்தி என்றால் மட்டும் மறுபடி யோசியுங்கள். எது சேர்த்தி என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று. ஒருவர் ஹாஃப் போர்டு, மற்றவர் ஆல் இன்க்ளூசிவ் என்று ஒரே அறையில் பிரித்து எடுக்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள். செலவைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் மாஃபுஷி போன்ற உள்ளூர் மக்கள் வாழும் தீவில் தங்குங்கள். அங்கே கடைகளும் சிற்றுணவகங்களும் இருப்பதால் காலைச் சிற்றுண்டி மட்டும் உள்ள பிளானே போதும்.

ஆல் இன்க்ளூசிவ் என்றால் எல்லாமே இலவசம்தானே? – நாகர்கோவில் வாசகர்

இலவசம் அல்ல, முன்கூட்டியே வாங்கிக்கொண்ட காசு. அதிலும் ‘எல்லாம்’ என்பதற்கு ஒவ்வொரு ஹோட்டலும் ஓர் அர்த்தம் வைத்திருக்கும். 1950இல் மயோர்க்கா தீவில் கூடாரம் போட்டு இந்த முறையைத் தொடங்கிய கிளப் மெட் என்ற சுற்றுலா நிறுவனத்திலேயே பின்னாளில் பாரில் குடிப்பதற்குத் தனிக் காசுதான்; பணப்பைக்குப் பதில் பாசிமணி மாலை அணிந்து, மணியைக் கழற்றிக் கொடுத்து வாங்கினார்கள். இன்றைக்குக் கேட்க வேண்டியவை: பார் எத்தனை மணிவரை, அறையிலுள்ள குளிர்பெட்டி சேர்த்தியா, உயர்ரக மது சேர்த்தியா, தனி உணவகங்களில் சாப்பிட்டால் காசு உண்டா, அறையைக் காலி செய்த பிறகு கையில் கட்டிய அடையாளப் பட்டை செல்லுமா.

ஏழு வயதுப் பையனுக்குத் தனிக் காசு கேட்கிறார்கள். அவன் இரண்டு இட்லிதான் சாப்பிடுவான். – சேலம் வாசகி

பையன் சாப்பிடும் அளவைப் பார்த்து அல்ல, வயதைப் பார்த்துத்தான் விலை. ஐந்து அல்லது ஆறு வயதுவரை இலவசம், அதற்கு மேல் பன்னிரண்டுவரை பாதி விலை என்பது பொதுவான வழக்கம். ஹோட்டலுக்கு ஹோட்டல் கொஞ்சம் மாறும். கூடுதல் படுக்கை இல்லை என்பதால் சாப்பாடும் இலவசம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அறையில் தூங்குவது வேறு கணக்கு, சாப்பாடு வேறு கணக்கு. வயதைக் குறைத்துச் சொல்லும் யோசனையை விடுங்கள். வெளிநாட்டில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்ப்பார்கள்.

டிசம்பர் 31 இரவுக்கு எம்.ஏ.பி.யில் பதிவு செய்தேன். ‘காலா டின்னர்’ என்று தலைக்கு மூவாயிரத்துச் சொச்சம் கூடுதலாகக் கேட்கிறார்கள். மறுக்க முடியுமா? – புதுச்சேரி வாசகர்

பதிவு செய்யும்போது கட்டாயம் என்று அறிவித்திருந்தால் முடியாது. 24ஆம் தேதிக்கும் இதே கதைதான். உங்கள் பிளானிலுள்ள அன்றைய இரவுச் சாப்பாட்டின் விலையை அதில் கழிப்பார்களா என்று கேளுங்கள். சில இடங்களில் கழிப்பார்கள், கேட்டவர்களுக்கு மட்டும்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். சிற்றுண்டி வீண்தானா? – தஞ்சாவூர் வாசகர்

முந்தின நாள் இரவு எட்டு மணிக்குள் சொல்லுங்கள், பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். சாண்ட்விச், வாழைப்பழம், அவித்த முட்டை என்று ஏதாவது இருக்கும். சூடான பொங்கலை எதிர்பார்க்காதீர்கள்.