சட்டைக்கு எந்த டை, டைக்கு எந்த பாக்கெட் ஸ்கொயர்?

கேள்வி: அடுத்த வாரம் நிர்வாகக் குழுவின் முன் பேச வேண்டும். நேவி ப்ளூ கோட்டும் வெளிர் நீலச் சட்டையும் எடுத்துவைத்திருக்கிறேன். கடையில் அதே வெளிர் நீலத்தில் ஒரு டையைக் காட்டி, இதுதான் மேட்சிங் என்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். கண்ணாடி முன் நிற்கும்போது அது அழகாகத்தான் இருக்கும். ஆனால் பத்துப் பதினைந்து அடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்குச் சட்டையும் டையும் ஒரே நீலப் பரப்பாகக் கலந்துவிடும். முகத்துக்குக் கீழே கண் நிற்க ஓர் இடம் வேண்டும். அதைத் தருவது சட்டையைவிட அடர்ந்த டை.

நிறப் பொருத்தத்தைவிட நான் முதலில் பார்ப்பது வெளிர்வு, அடர்வு வித்தியாசத்தைத்தான். அதைச் சோதிக்க, கோட், சட்டை, டை மூன்றையும் கட்டிலில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் படம் எடுத்து, போனிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். டை சட்டையிலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரிந்தால் சரி. நடுத்தர நீலச் சட்டைக்கு நடுத்தர ரோஸ் டை வைத்துப் பார்த்தால், வேறு வேறு நிறமாக இருந்தும் படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும்.

உங்கள் சட்டைக்கு மெரூன் டை எடுங்கள். அதில் வெளிர் நீலத்தில் சிறு புள்ளிகள் இருந்தால் இன்னும் நல்லது, சட்டையின் நிறம் டையிலும் எட்டிப்பார்க்கும். கோட்டின் மார்புப் பையில் வைக்கும் பாக்கெட் ஸ்கொயருக்கு வெள்ளைப் பருத்தியோ லினனோ போதும். நேராக மடித்து, பாக்கெட்டுக்கு மேல் ஒரு சென்டிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை சென்டிமீட்டர் தெரியும்படி வையுங்கள்.

கேள்வி: கல்யாணத்துக்குப் பரிசாக டை, பாக்கெட் ஸ்கொயர் செட் வந்தது. இரண்டும் ஒரே துணி. அப்படியே போடலாமா?

இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், ஒரே நாளில் போடாதீர்கள். ஒரே துணியில் இரண்டும் இருந்தால் பெட்டியோடு எடுத்து மாட்டியது போலத் தெரியும். கூடவே, டையில் நிற்க வேண்டிய பார்வையை மார்போரத்தில் இருக்கும் இன்னொரு துண்டு பிடித்து இழுக்கும்.

வீட்டில் பட்டுப்புடவைக்கு ரவிக்கை எடுப்பதை நினைத்துப் பாருங்கள். புடவையின் உடல் நிறத்தை விட்டுவிட்டு, கரையில் ஓடும் நிறத்தில் எடுத்தால் இரண்டும் எடுப்பாக இருக்கும். இங்கும் அதே கணக்குத்தான். மெரூன் டையில் நீலப் புள்ளி இருந்தால், வெள்ளைத் துணியில் நீல ஓரம் போட்ட பாக்கெட் ஸ்கொயர் தேடுங்கள். துணியும் மாறட்டும். டை பட்டு என்றால் பாக்கெட் ஸ்கொயர் பருத்தியாக இருக்கட்டும்.

கேள்வி: என்னிடம் இருப்பதெல்லாம் கோடு போட்ட சட்டைகள். கூட்டத்தை வீடியோ எடுப்பார்களாம்.

வீடியோ எடுக்கிறார்கள் என்றால் அன்றைக்கு மட்டும் வெற்றுச் சட்டை ஒன்று வாங்கிவிடுங்கள். நெருக்கமான மெல்லிய கோடுகளும் பொடிக் கட்டங்களும் கேமராவில் அலை அலையாக நெளியும். கேமரா சென்சாரில் உள்ள புள்ளிகளின் வரிசையும் துணியில் உள்ள கோடுகளின் வரிசையும் ஒன்றோடொன்று மோதுவதால் வருவது அது. நீங்கள் அசையும்போதெல்லாம் சட்டை மினுங்கும், பேச்சைக் கேட்பவர்களின் கவனம் அங்கே போய்விடும்.

கேமரா இல்லாத நாளில் கோடு போட்ட சட்டை தாராளமாகப் போடலாம். டையின் டிசைன் சட்டையின் கோடுகளைவிடப் பெரியதாகவும் இடைவெளி விட்டும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சந்தேகமாக இருந்தால் வெற்று டை.

கேள்வி: ரோஸ் நிறச் சட்டைக்கு?

நேவி ப்ளூ டை. மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் வெளிர் ரோஸ் மிக நன்றாக எடுக்கும், தயங்காமல் போடுங்கள். பளிச்சென்ற சிவப்பு டை மட்டும் வேண்டாம், ரோஸ் சட்டை சாயம் போன சிவப்பு மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: எங்கள் ஆபீஸில் யாரும் கோட் போடுவதில்லை. பாக்கெட் ஸ்கொயரைச் சட்டைப் பையில் வைக்கலாமா?

கூடாது. அது கோட்டுக்கு உரியது. சட்டைப் பையில் வைத்தால் வெறும் கைக்குட்டைதான். சட்டையும் டையும் போதும்.

கேள்வி: கடையில் நேவி ப்ளூ என்று பார்த்து வாங்கிய டை, கூட்ட அறையில் கறுப்பாகத் தெரிகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

டையில் குறையில்லை, வெளிச்சம் மாறியிருக்கிறது. மஞ்சள் விளக்கொளியில் நீலக் கதிர்கள் குறைவு. அதனால் அடர்நீலத் துணி திருப்பி அனுப்ப நீலம் கிடைக்காமல் கறுத்துப்போகும். உங்கள் அறையில் மஞ்சள் விளக்குகள் என்றால் ஒரு படி வெளிறிய நீலமோ மெரூனோ எடுங்கள். வழவழப்பான சாட்டின் டையையும் தவிர்த்துவிடுங்கள். மேலிருந்து விழும் விளக்கில் அது நடுவில் வெள்ளையாகப் பளபளத்து நிறத்தையே மறைத்துவிடும். சொரசொரப்பாக நெய்த பட்டில் இந்தத் தொல்லை குறைவு.

முந்தைய நாள் மாலை அதே அறையில், பேசும் இடத்தில் டையோடு நில்லுங்கள். விளக்குகளையும் புரொஜெக்டரையும் போட்டுவிட்டு, கடைசி வரிசையிலிருந்து நண்பர் ஒருவரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். மாற்று டை ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.