கிறிஸ்மஸ் கள்ளியில் மொட்டு உதிர்கிறது: இன்னொரு தடவை இடம் மாற்றாதீர்கள்

கேள்வி: ஐயா, மூன்று கிழமைக்கு முன் ஸ்காபரோவில் ஒரு கடையில் கிறிஸ்மஸ் கள்ளி வாங்கினேன். நாற்பது மொட்டுக்கு மேல் இருந்தது. முதலில் சாப்பாட்டு மேசையில் வைத்தேன், பிறகு வெளிச்சம் வேண்டுமென்று யன்னலடிக்கு மாற்றினேன். அதன் கீழேதான் ஹீட்டர் காற்று வரும். முதல் கிழமை தினமும் கொஞ்சம் தண்ணீர் விட்டேன், அடுத்த கிழமை வேலையில் மறந்துபோனேன். இப்போது பாதிக்கு மேல் கொட்டிவிட்டது. திரும்பவும் இடம் மாற்றவா? உரம் போடவா?

பதில்: உரம் வேண்டாம், தங்கச்சி. இடம் மாற்றுவதென்றால் ஒரே ஒரு தடவைதான், அதுவும் ஹீட்டர் காற்றிலிருந்து விலக்குவதற்காக மட்டும். அதற்குப் பிறகு பூத்து முடியும்வரை அந்தச் சாடி அங்கேயே இருக்கட்டும்.

இந்தச் செடியில் மொட்டு ஏதோ ஒன்று பட்டவுடன் விழுவதில்லை. மொட்டுக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய திசு மெதுவாகப் பிரிந்து, சில நாள் கழித்துத்தான் மொட்டு கழன்று விழும். இன்று மேசையில் கிடக்கும் மொட்டு போன கிழமை நடந்ததற்குப் பதில். நாமோ இன்றைக்கு ஏதோ பிழை என்று நினைத்துச் சாடியைத் தூக்கி வேறு அறையில் வைக்கிறோம், கூடத் தண்ணீர் ஊற்றுகிறோம். செடிக்கு அது இன்னொரு அதிர்ச்சி. நாலைந்து நாளில் அடுத்த தொகுதி கொட்டுகிறது. நயாகரா பக்கத்துக் கண்ணாடிக் கூடங்களில் வேலை செய்த காலத்தில் நான் கண்டதும் இதுதான். மொட்டு வந்த செடியைக் கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மாற்றுவதற்கே தயங்குவோம். நீங்களோ கடையிலிருந்து, அதற்கு முன் இருண்ட லொறிக்குள்ளிருந்து வந்த செடியை வாங்கியிருக்கிறீர்கள். பெட்டிக்குள் அடைத்து அனுப்பும்போது எத்திலீன் என்ற வாயு சேர்ந்தாலே மொட்டு கழலத் தொடங்கிவிடும். ஆகவே முதல் சில மொட்டுகள் விழுந்ததற்கு நீங்கள் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

பெயரில் கள்ளி என்று இருந்தாலும் இது பாலைவனத்துச் செடி அல்ல. தென்கிழக்கு பிரேசிலின் கரையோர மலைக் காடுகளில், மரக் கிளைகளிலும் பாறை இடுக்குகளிலும், நிழலிலும் ஈரக் காற்றிலும் வளர்வது. அங்கே வேரைச் சுற்றி மழை வழிந்தோடும், ஆனால் தேங்காது. உங்கள் யன்னலடியில் எல்லாம் தலைகீழ். கீழிருந்து சூடான வறண்ட காற்று, இரவில் பக்கத்திலேயே உறைந்த கண்ணாடி. ஹீட்டர் ஓடி நிற்கும் ஒவ்வொரு தடவையும் செடியைச் சுற்றி வெப்பம் ஏறி இறங்குகிறது. வாசல் கதவோரமும் அப்படித்தான், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் குளிர் அடிக்கும்.

எது அதிகம் பாதித்தது என்பதைச் செடியே காட்டும். கொட்டிய இடங்களைப் பாருங்கள். காற்று வரும் பக்கத்தில் மட்டும் மொட்டு போய், மறுபக்கம் அப்படியே இருந்தால் காரணம் ஹீட்டர். எல்லாப் பக்கமும் சமமாகப் போயிருந்து, தண்டுத் துண்டுகள் பச்சையாக, விறைப்பாக இருந்தால் இடம் மாற்றியதுதான். துண்டுகள் சுருங்கித் தொய்ந்திருந்தால் தண்ணீர்ப் பிரச்சினை, ஆனால் இங்கே அவசரப்படாதீர்கள். காய்ந்தாலும் தொய்யும், வேர் அழுகினாலும் தொய்யும். விரலை மண்ணுக்குள் ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள். மண் காய்ந்து சாடி பஞ்சு மாதிரி இலேசாக இருந்தால் தாகம். மண் ஈரமாக இருந்தும் செடி தொய்ந்து, அடித்தண்டு பழுப்பாகி மெத்தென்று அழுந்தினால் வேர் அழுகுகிறது. அப்படியென்றால் தண்ணீரை நிறுத்தி, மேலேயுள்ள நல்ல துண்டுகளை முறித்துப் புதிதாக நட்டுக் காப்பாற்றத்தான் வேண்டும்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது. தினமும் கொஞ்சமாக விட்ட தண்ணீர் மேல்மண்ணை மட்டும் நனைத்திருக்கும். அடுத்த கிழமை ஹீட்டர் காற்றில் சாடி முழுதாகக் காய்ந்திருக்கும். கடைச் சாடிகளில் பெரும்பாலும் மக்கிய பாசியான பீட் கலந்த கலவைதான் இருக்கும். அது ஒருமுறை நன்றாகக் காய்ந்தால் சுருங்கிச் சாடியின் ஓரத்தை விட்டுப் பிரிந்துவிடும். பிறகு மேலே ஊற்றும் தண்ணீர் அந்த இடைவெளியால் வழிந்து கீழே போய்விடும், நடுவில் வேர் காய்ந்தபடியே இருக்கும்.

அதனால் முதல் வேலையாகச் சாடியைச் சுற்றியுள்ள மினுங்கும் தாளைக் கழற்றுங்கள். அதற்குள் தண்ணீர் தேங்குவது நமக்குத் தெரியாது. மண் காய்ந்திருந்தால், அறைச் சூட்டில் உள்ள தண்ணீரைக் கிண்ணத்தில் எடுத்து, சாடியின் பாதி உயரம் மூழ்கும்படி 20 அல்லது 30 நிமிடம் வையுங்கள். மேல்மண் ஈரமானதும் எடுத்து, நன்றாக வடியவிட்டு, கையால் தூக்கிப் பாருங்கள். அந்தப் பாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் நாள் கணக்கு வேண்டாம். சாடி அதைவிடத் தெளிவாக இலேசாகி, மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர், அதுவும் அடித்துளையால் வழியும்வரை. சிறிய சாடி, ஹீட்டர் ஓடும் வீடு என்றால் அநேகமாகக் கிழமைக்கு ஒருமுறை அளவில் வரும்.

சாடியைத் தூக்குவதற்கு முன் யன்னலைப் பார்த்திருந்த பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மொட்டுகள் வெளிச்சத்துக்கு ஏற்பத் திரும்பி நிற்கின்றன. திரும்ப வைக்கும்போது அதே பக்கம் வெளிச்சத்தைப் பார்க்கட்டும். தண்ணீருக்காகச் சிறிது நேரம் சிங்குக்குப் போய் வருவதில் கெடுதலில்லை.

புதிய இடம் யன்னலிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, வெளிச்சம் வந்தாலும் வெயில் சுடாத இடமாக, 18 முதல் 20 பாகை அளவில் இருந்தால் போதும். வாழைப்பழமும் ஆப்பிளும் வைக்கும் தட்டு பக்கத்தில் வேண்டாம். பழுக்கும் பழமும் அதே எத்திலீனை விடுகிறது. சாப்பாட்டு மேசையில் பழத்தட்டு இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

இதெல்லாம் செய்த பிறகும் ஐந்தாறு நாள் சில மொட்டு விழும். அது ஏற்கெனவே கழன்றவை, பதறாதீர்கள். ஒரு நுனியில் மூன்று நான்கு மொட்டு நெருக்கி இருந்தால் மிகச் சின்னதைச் செடி தானாகவே விடுவதும் உண்டு. ஒரு கிழமைக்குப் பிறகும் பெரிய மொட்டுகள் விழுந்துகொண்டே இருந்தால் அடித்தண்டைத் திரும்பப் பாருங்கள். விழுந்ததற்குப் பதிலாக இந்த மாதமே புது மொட்டு வருமென்று எதிர்பார்க்க வேண்டாம். குளிர்ந்த அறையில் இருந்தால் பெப்ரவரி மார்ச்சில் சில செடிகள் இன்னொரு தடவை கொஞ்சம் பூக்கும்.

அடுத்த வருடத்துக்கு ஒன்று. மொட்டு பிடிக்க நீண்ட இருட்டும் குளிர்ச்சியும் வேண்டும். செப்டம்பர் நடுவிலிருந்து ஆறு கிழமை, மாலையில் விளக்குப் போடாத, 15 பாகை அளவுக்குக் குளிரும் அறையில் வையுங்கள், இரவில் 13 மணி நேரமாவது இருட்டு வேண்டும். முடிந்தால் அது நீங்கள் பூவைப் பார்க்க விரும்பும் அறையாகவே இருக்கட்டும். மொட்டு தெரிந்த பிறகு அங்கே விளக்குப் போடலாம், சாடியைத் தூக்க வேண்டி வராது.