ஒரு லட்சம் 13 லட்சமான கணக்கில் வருமானம் எவ்வளவு?

“2015 ஏப்ரலில் என் மியூச்சுவல் ஃபண்டில் ஒரு லட்சம் இருந்தது, 2025 மார்ச் கடைசியில் 13 லட்சம். மாதம் 5,000 எஸ்.ஐ.பி. 2018ல் தங்கை கல்யாணத்துக்கு 1.5 லட்சம் எடுத்தேன். 2019ல் அதே ஃபண்டில் ரெகுலர் பிளானிலிருந்து ஏஜென்ட் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானுக்கு மாற்றினேன். 2021 ஏப்ரலில் நகைக்கடன் வாங்கி 2 லட்சம் போட்டேன், வட்டி மட்டும் கட்டி நகையை மறுபடி அடகு வைத்துக்கொண்டிருக்கிறேன். ‘13 மடங்கு ஆச்சே, மிச்ச நகையையும் வைத்துப் போடு’ என்கிறார் மைத்துனர். போடலாமா?” – ஒரு வாசகர், ஆம்பூர்

வேண்டாம். அந்த 13 மடங்கில் பெரும்பகுதி உங்கள் சம்பளம்.

ஸ்டேட்மென்ட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் `Cost Value`-ஐ வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அது இப்போது கையில் இருக்கும் யூனிட்டுகளின் வாங்கிய விலை மட்டும்தான், 2019ல் நீங்கள் மாற்றியபோது பழைய யூனிட்டுகள் விற்றதாகவும் அன்றைய விலைக்குப் புதிதாக வாங்கியதாகவும் பதிவாகிவிட்டது, அதனால் அதற்கு முன் வந்த லாபமும் ‘போட்ட பணம்’ மாதிரித் தெரியும். ஆரம்பத்திலிருந்து உள்ள விவரமான ஸ்டேட்மென்ட்டை வாங்கி வரிவரியாகப் பாருங்கள். வங்கியிலிருந்து போனது, வங்கிக்கு வந்தது, இந்த இரண்டு மட்டும் போதும். `Switch In`, `Switch Out` வரிகளை விட்டுவிடுங்கள், உள்ளுக்குள் இடம் மாறிய பணம் அது.

எஸ்.ஐ.பி. 120 மாதம், 6 லட்சம். நகைக்கடன் பணம் 2 லட்சம். மொத்தம் 8 லட்சம், அதில் கல்யாணத்துக்கு எடுத்த 1.5 லட்சம் போனால் 6.5 லட்சம். கணக்கு வளர்ந்தது 12 லட்சம், அதில் 6.5 நீங்கள் போட்டது, மீதி 5.5 லட்சம்தான் ஃபண்ட் சம்பாதித்தது. நல்ல வருமானம்தான், ஆனால் 13 மடங்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இப்போது நகைக்கடனுக்கு வருவோம், எனக்குக் கவலை இதில்தான். 2021 ஏப்ரல் வரியில் எத்தனை யூனிட் வாங்கினீர்கள் என்று இருக்கும், அதை மார்ச் கடைசி என்.ஏ.வி.யால், அதாவது ஒரு யூனிட்டின் அன்றைய விலையால், பெருக்குங்கள். உதாரணமாக, அன்று என்.ஏ.வி. 40 என்றால் சுமார் 5,000 யூனிட், இன்று 58 என்றால் 2.9 லட்சம். லாபம் 90,000. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் மாதம் 2,000, நான்கு வருஷத்துக்கு 96,000. கடன் வாங்கிப் போட்டதில் 6,000 நஷ்டம், நகையும் இன்னும் கடையில்! இந்த வட்டி உங்கள் கையிலிருந்து போவதால் ஃபண்ட் ஸ்டேட்மென்ட்டில் எங்கேயும் தெரியாது, அதனால்தான் நான்கு வருஷமாக உங்கள் கண்ணில் படவில்லை. உங்கள் ரசீதில் இருக்கும் வட்டியையும் உங்கள் என்.ஏ.வி.யையும் போட்டுப் பாருங்கள், கொஞ்சம் முன்பின் வரலாம்.

மைத்துனருக்கு 6.5, 5.5 என்று எழுதிய தாளைக் காட்டுங்கள், அவர் பார்த்தது கடைசி வரியை மட்டும்தான். அப்புறம் ஃபண்டிலிருந்து 2 லட்சம் எடுத்து நகையை மீட்டுவிடுங்கள். ஈக்விட்டி ஃபண்ட் என்றால் ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை நீண்டகால லாபத்துக்கு வரி இல்லை, எடுக்கும் தொகையில் லாபப் பகுதி மட்டும்தான் அந்தக் கணக்கில் வரும். எஸ்.ஐ.பி.யை நிறுத்தாதீர்கள், மாதம் மிச்சமாகும் 2,000 ரூபாயையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.